காலவரிசை அட்டவணை எங்கே சிக்குகிறது? வேலூர் 1806-ஐ வைத்து ஒரு பிழை நீக்கும் வழிமுறை

நான்கு பத்தி போட்டாயிற்று: தேதி, நிகழ்வு, காரணம், விளைவு. முதல் மூன்று வரிசை வேகமாக நிரம்பும். அதன் பிறகு ஒரு வரிசைக்குக் காரணம் கிடைக்காது, இன்னொன்றுக்கு ஏழு காரணம் வந்து நிற்கும், மற்றொன்றில் விளைவு என்று எழுதியது அடுத்த வரிசையின் நிகழ்வாகவே இருக்கும். பாடம் சரியாகப் புரிந்தவர்களுக்கும் இது நடக்கும். ஏனென்றால் பாடநூல் காரணங்களை எல்லாம் ஒரு தலைப்பின் கீழ் குவித்து, பிறகு நடந்ததைச் சொல்லி, கடைசியில் விளைவுகளைக் குவிக்கிறது. அட்டவணையோ ஒவ்வொரு நிகழ்வுக்கும் அதனதன் காரணத்தையும் விளைவையும் தனித்தனியாகக் கேட்கிறது. குவியலைப் பிரித்து வரிசைக்கு வரிசை பங்கிடுவதுதான் உண்மையான வேலை. பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் விழுகின்றன.

கீழே அறிகுறிவாரியாகப் போகலாம். எடுத்துக்காட்டுக்கு, பாளையக்காரர் கிளர்ச்சிகளில் தொடங்கி வேலூர்ப் புரட்சியில் முடியும் பள்ளிப் பாடம். அதிலும் வேலூர்ப் பகுதியை முழுதாக அட்டவணையாக்கிப் பார்ப்போம்.

தொடங்கும் முன் நிரப்பும் ஒழுங்கு பற்றி ஒன்று. வரிசை வரிசையாக இடமிருந்து வலமாக நிரப்பாதீர்கள். முதலில் எல்லா வரிசைகளுக்கும் தேதியும் நிகழ்வும் மட்டும். அடுத்து காரணப் பத்தியை அட்டவணையின் கடைசி வரிசையிலிருந்து மேல் நோக்கி. கடைசியாக விளைவு. மேல் நோக்கிப் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'இது ஏன் நடந்தது?' என்று கீழிருந்து கேட்டுக்கொண்டு வந்தால், விடை பல நேரம் மேலே ஏற்கெனவே எழுதிய ஒரு நிகழ்வாகவே இருக்கும். அப்போது புதிதாக எதுவும் எழுத வேண்டாம், அந்த வரிசையின் எண்ணைக் குறித்தால் போதும். இதற்காகவே அட்டவணையின் முதலில் 'எண்' என்று ஒரு ஒடுங்கிய பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தேதிப் பத்தி முன்னும் பின்னுமாகக் குதிக்கிறது

பாடம் ஆள்வாரியாக எழுதப்பட்டிருக்கிறது. பூலித்தேவர், வேலு நாச்சியார், கட்டபொம்மன், மருது சகோதரர்கள், தீரன் சின்னமலை என்று ஒவ்வொருவர் கதையும் தொடங்கி முடிந்த பிறகே அடுத்தவர் வருகிறார். பாடம் சொல்லும் ஒழுங்கிலேயே எழுதிக்கொண்டு போனால், 1801-இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதை எழுதி முடித்த கையோடு, சின்னமலைக்காகப் பழைய ஆண்டுகளுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

இதற்குத் தீர்வு எளிது. முதல் சுற்றில் ஒழுங்கைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு நிகழ்வுக்கு ஒரு துண்டுச் சீட்டு என்று எழுதுங்கள். எல்லாம் முடிந்த பிறகு மேசையில் பரப்பி அடுக்குங்கள். கணினியில் என்றால் எழுதி முடித்துவிட்டு வரிசைப்படுத்திக்கொள்ளலாம். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்ளும் ஒரு பள்ளம் இருக்கிறது.

எக்செலின் தேதிக் கணக்கு 1900 ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தேதியைத் தட்டினால் அதை அது தேதியாகவே எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கண்டுபிடிக்க ஒரு நொடி போதும்: தேதியாக ஏற்றுக்கொண்டால் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக எடுத்துக்கொண்டால் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்தாக நிற்பதை வரிசைப்படுத்தச் சொன்னால் முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். அதனால் 10-07-1806 மேலே போய்விடும், அதற்கு ஐந்தாண்டு முந்தைய 24-10-1801 கீழே விழும். வேலூருக்குப் பிறகு மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதாக அட்டவணை சொல்லும்.

ஆகவே படிப்பதற்கான தேதி ஒரு பத்தியிலும், அடுக்குவதற்கான எண் இன்னொரு பத்தியிலும் இருக்கட்டும். ஆண்டு, மாதம், நாள், அந்த நாளுக்குள் எத்தனையாவது நிகழ்வு என்பவற்றை A, B, C, D பத்திகளில் எண்ணாக இட்டு, அடுத்த கட்டத்தில் இந்தச் சூத்திரத்தை வைத்தால் அடுக்கு எண் வந்துவிடும்:

```
=A2*10000+B2*100+C2+D2/10
```

வேலூரில் சிப்பாய்கள் எழுந்தது 18060710.1, அதே நாளில் கோட்டை மீட்கப்பட்டது 18060710.2. நாள் தெரியாமல் மாதம் மட்டும் தெரிந்தால் நாளுக்கு 0 இடுங்கள். 1806 மே என்பது 18060500 ஆகி அந்த மாதத்தின் தலைப்பில் நிற்கும். அச்சிடும்போது இந்த ஐந்து பத்திகளையும் மறைத்துவிடலாம்.

கையால் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு வருவது வேறு தொல்லை: 'அதே ஆண்டு', 'சில மாதங்களுக்குப் பின்' போன்ற சொற்கள். இவற்றை அப்படியே கட்டத்தில் எழுதாதீர்கள், வரிசை இடம் மாறியதும் 'அதே' என்பது வேறு ஆண்டைச் சுட்டத் தொடங்கிவிடும். கால அளவையும் தேதியையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையும் தோழர்களும் இடிக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஆறே நாளில் எழுப்பினார்கள் என்று பாடம் சொல்கிறது. ஆறு நாள் என்பது எவ்வளவு காலம் பிடித்தது என்பது. எப்போது என்பதற்கு விடை 1801 பிப்ரவரி. முன்னது நிகழ்வுக் கட்டத்துக்கு, பின்னது தேதிக் கட்டத்துக்கு.

அறிகுறி: காரணப் பத்தி முழுக்க ஒரே வாக்கியம்

'ஆங்கிலேயரின் அடக்குமுறை', 'மக்களின் அதிருப்தி' என்று எட்டு வரிசையிலும் எழுதியிருப்பீர்கள். எழுதியது பொய் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் 1755-க்கும் பொருந்தும், 1806-க்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதையும் விளக்காது.

சரிசெய்யும் வழி, ஒவ்வொரு நிகழ்வையும் மூன்று கேள்விகளால் நெருக்குவது: ஏன் இவர்கள்? ஏன் இந்த இடம்? ஏன் இந்த நேரம்? வேலூர் எழுச்சி வரிசையில் இதைச் செய்து பார்ப்போம்.

ஏன் இவர்கள்? கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்களுக்குப் புதிய உடை விதிகள் வந்தன. நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவில் வெட்ட வேண்டும். இவற்றோடு தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை. அந்தத் தோல் எந்த விலங்கினுடையதோ என்ற ஐயம் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருசேரத் தொட்டது. பார்வைக்கு அது ஐரோப்பியரின் தொப்பி போல இருந்ததால் மதம் மாற்றப் போகிறார்கள் என்ற அச்சமும் சேர்ந்தது.

ஏன் வேலூர்? உடை விதி சென்னை மாகாணப் படை முழுதுக்கும்தான். ஆனால் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் இறந்த பிறகு அவருடைய பிள்ளைகளும் குடும்பமும் வைக்கப்பட்டிருந்தது வேலூர்க் கோட்டையில். ஆங்கிலேயரை விரட்டினால் அடுத்து யார் என்ற கேள்விக்கு அந்தக் கோட்டைக்குள்ளேயே ஒரு விடை இருந்தது.

ஏன் அந்த இரவு? இந்தக் கேள்வியைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். குடும்பத்தோடு இருந்த சிப்பாய்கள் வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே குடிசைகளில் தங்குபவர்கள். ஜூலை 10 காலை அணிவகுப்பு இருந்ததால், விடியுமுன் கூட வசதியாக முந்தின இரவே பெரும்பாலோர் கோட்டைக்குள் படுக்க வைக்கப்பட்டார்கள். ஜூலை 9 திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம் என்பதால் கோட்டைக்குள் ஆள் நடமாட்டமும் ஐயத்தை எழுப்பவில்லை. மாதக்கணக்கில் கனன்றது அந்த இரவில் பற்றிக்கொள்ள வாய்ப்பு அங்கே அமைந்தது.

மூன்று விடைகளும் மூன்று வகை. முதலாவது மனக்குறை, இரண்டாவது சூழல், மூன்றாவது தருணம். மூன்றையும் ஒரே கட்டத்தில் திணிக்க வேண்டியதில்லை. மனக்குறை உடை விதி வரிசையின் விளைவாகவே வந்துவிடும். சூழல் 1799 வரிசையின் விளைவில் இடம் பிடிக்கும். எழுச்சி வரிசையின் காரணக் கட்டத்தில் அந்த இரண்டு வரிசை எண்களும், சொல்லாக எழுத அந்தத் தருணமும் மட்டும் போதும். பாடநூலின் 'காரணங்கள்' குவியல் இப்படித்தான் மூன்று வரிசைகளுக்குப் பங்காகிறது.

அறிகுறி: காரணமும் விளைவும் இடம் மாறிக் கிடக்கின்றன

மேலோட்டமாகப் பார்த்தால் பிழை தெரியாது. இப்படி ஒரு வரிசை:

| தேதி | நிகழ்வு | காரணம் | விளைவு |
|---|---|---|---|
| 1806 | புதிய உடை விதிகள் | சிப்பாய்களின் சமய உணர்வு புண்பட்டது | வேலூர்ப் புரட்சி |

கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன, சொன்னவை எல்லாம் பாடத்தில் உள்ளவை. ஆனாலும் தவறு. விதிகளைக் கொண்டுவந்தது கம்பெனிப் படைத் தலைமை. சமய உணர்வு புண்பட்டதற்காக அவர்கள் விதி போடவில்லை, விதி போட்டதால்தான் புண்பட்டது. 'காரணங்கள்' என்ற தலைப்பின் கீழ் பாடநூல் இதைச் சொல்லியிருந்ததால் கை தானாகவே காரணப் பத்திக்குப் போய்விட்டது. பாடநூல் சொன்னது எழுச்சிக்கான காரணம். இந்த வரிசையோ விதியைப் பற்றியது.

தடுக்க ஒரு விதி போதும்: நிகழ்வுக் கட்டத்தில் யார் செய்தார் என்று எழுவாயோடு எழுதுங்கள். 'புதிய உடை விதிகள்' என்று பெயர்ச்சொல்லாக நிறுத்தாமல், 'தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில் படைத் தலைமை புதிய உடை விதிகளைக் கொண்டுவந்தது' என்று வினையோடு முடியுங்கள். காரணம் என்பது அந்த எழுவாய் ஏன் அதைச் செய்தார் என்பதற்கான விடை. எழுவாய் படைத் தலைமை என்றால் காரணம், படைவீரர் எல்லோரும் ஒரே மாதிரித் தோற்றத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம். சிப்பாய்களின் மனக்குறை இயல்பாகவே விளைவுப் பத்திக்கு நகர்ந்துவிடும்.

இடம் மாறியிருக்கிறதா என்று உறுதி செய்ய, வரிசையை வாய்விட்டுப் படியுங்கள், இடையிடையே 'அதனால்' சேர்த்து. 'எல்லாரும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்று எண்ணினார்கள், அதனால் உடை விதிகளைக் கொண்டுவந்தார்கள், அதனால் சிப்பாய்களின் சமய உணர்வு புண்பட்டது.' தடையில்லாமல் ஓடுகிறது. முந்தைய வடிவத்தைப் படித்துப் பாருங்கள்: 'சமய உணர்வு புண்பட்டது, அதனால் உடை விதிகள் வந்தன.' காது உடனே மறுக்கிறது. இந்த ஒரு சோதனையை ஒவ்வொரு வரிசைக்கும் செய்தால் காரணம், விளைவு இரண்டிலும் உள்ள பிழைகளில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும்.

அறிகுறி: எழுதியதையே திரும்பத் திரும்ப எழுதுகிறோம்

மே மாத வரிசையின் விளைவில் 'வேலூர்ப் புரட்சி', ஜூன் வரிசையின் விளைவிலும் 'வேலூர்ப் புரட்சி', ஜூலை வரிசையின் நிகழ்வில் 'வேலூர்ப் புரட்சி'. பக்கம் நிறைகிறது, செய்தி நிறையவில்லை.

ஒரு நிகழ்வுக்கும் அடுத்த நிகழ்வுக்கும் நடுவே ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். விளைவுக் கட்டம் அந்த மாற்றத்துக்கானது. 1806 மே மாதம் வேலூரிலிருந்த சிப்பாய்கள் புதிய தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். சிலர் சென்னைக்கு அனுப்பி விசாரிக்கப்பட்டார்கள், இருவர் கசையடி பெற்றுப் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். இதற்குப் பிறகு என்ன மாறியது? வெளிப்படையாக மறுத்தால் தண்டனை என்று ஆயிற்று. விதியோ நீங்கவில்லை. அதனால் எதிர்ப்பு மறைவுக்குப் போனது. கட்டத்தில் எழுத வேண்டியது இதைத்தான்: 'வெளிப்படை எதிர்ப்புக்கு வழி அடைபட்டு, இரகசியத் திட்டம் உருவானது'. அடுத்து '→ 4, 5' என்று அம்புக்குறியோடு வரிசை எண். புரட்சியைத் திரும்ப எழுதாமலே தொடர்பு காட்டப்பட்டுவிட்டது.

ஜூன் வரிசை இன்னும் நல்ல சோதனை. முஸ்தபா பெக் என்ற சிப்பாய் சதித் திட்டத்தைப் பற்றி மேலதிகாரியிடம் சொன்னார், யாரும் நம்பவில்லை. இதன் விளைவு புரட்சி அல்ல, அவர் சொல்லாவிட்டாலும் புரட்சி நடந்திருக்கும். 'எச்சரிக்கை புறக்கணிக்கப்பட்டதால் கோட்டையில் கூடுதல் காவல் இல்லை' என்பதுதான் விளைவு. எழுச்சி முதல் சில மணி நேரத்திலேயே கோட்டையைக் கைப்பற்றியது ஏன் என்பதற்கு இந்த வரிசை விடை சொல்கிறது. முஸ்தபா பெக் வரிசை தேவையா என்று பலர் கேட்பார்கள். தேவை, இதற்காகத்தான்.

அறிகுறி: விளைவுப் பத்தியில் 1857 வந்து உட்கார்ந்துகொள்கிறது

வேலூர் வரிசையின் விளைவில் '1857 பெரும் புரட்சிக்கு வழிவகுத்தது' என்று எழுதாத மாணவர் குறைவு. 'அதனால்' சோதனையை வையுங்கள்: 'வேலூரில் சிப்பாய்கள் எழுந்தார்கள், அதனால் 51 ஆண்டு கழித்து மீரட்டில் எழுந்தார்கள்.' நிற்கவில்லை. 'அதற்குப் பின்' என்றால் நிற்கும், 'அது போலவே' என்றால் இன்னும் நன்றாக நிற்கும், இரண்டிலும் படையில் சமய உணர்வைத் தொட்ட ஒரு பொருள் பொறியாக இருந்ததால். ஒப்புமை மதிப்புள்ளதுதான், ஆனால் அது விளைவு அல்ல. எழுத விரும்பினால் அட்டவணைக்குக் கீழே குறிப்பாக எழுதுங்கள். வேலூர் 1857-க்கு முன்னோடி என்று கேள்வி வந்தால் அந்தக் குறிப்பு உதவும்.

உண்மையான விளைவுகள் அருகிலேயே இருக்கின்றன. புதிய உடை விதிகள் திரும்பப் பெறப்பட்டன. திப்புவின் குடும்பம் வேலூரிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டது. எழுச்சியில் சேர்ந்த படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். இவை ஒவ்வொன்றும் மேலே ஏதாவது ஒரு காரணத்தைத் தொட்டுத் திரும்புவதைக் கவனியுங்கள்: மனக்குறையாக இருந்த விதி நீங்கியது, சூழலாக இருந்த குடும்பம் அகற்றப்பட்டது. கம்பெனி எதைக் காரணமாகக் கருதியது என்பதை அதன் அடுத்த செயல்கள் காட்டிக்கொடுக்கின்றன. ஆகவே காரணப் பத்தியில் சந்தேகம் வந்தால் விளைவுப் பத்தியைப் பாருங்கள், ஆட்சியாளர் எதை அவசரமாக மாற்றினார் என்பதில் பாதி விடை இருக்கும்.

அறிகுறி: நாற்பது வரிசை, அல்லது ஒரே வரிசையில் முழுக் கதை

எந்தத் தகவல் தனி வரிசை பெற வேண்டும் என்று முடிவு செய்ய முடியாதபோது இரண்டு திசையிலும் தவறு நடக்கும். தனி வரிசைக்குத் தகுதி இரண்டுதான்: ஓர் எழுவாயும் ஒரு வினைமுற்றும் இருக்க வேண்டும், அதற்கென்றே ஒரு விளைவு எழுத முடிய வேண்டும். விளைவுக் கட்டம் காலியாகவே கிடந்தால் அது நிகழ்வு அல்ல, வேறொரு நிகழ்வின் விவரம்.

ஜூலை 10-ஐ எடுத்துக்கொள்வோம். அதிகாலை 2 மணியளவில் துப்பாக்கி வெடித்தது, காவலர்கள் கொல்லப்பட்டார்கள், கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார், மைசூர்க் கொடி ஏறியது, திப்புவின் மகன் ஃபதே ஹைதரை மன்னராக முன்னிறுத்தினார்கள். ஐந்து செய்தி, ஆனால் செய்தவர்கள் ஒரே குழு, நோக்கம் ஒன்று. ஒரே வரிசை. கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி சேர்த்தார், அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டரைக் குதிரைப் படையோடு கடந்து வந்த கில்லெஸ்பி கோட்டையை மீட்டார். இங்கே எழுவாய் மாறிவிட்டது, விளைவும் வேறு. இரண்டாவது வரிசை. கில்லெஸ்பி மதிலேறியதும் பீரங்கியால் வாயில் தகர்க்கப்பட்டதும் சுவையான விவரங்கள்தான், ஆனாலும் அந்த இரண்டாவது வரிசைக்குள் அடங்குபவை.

இப்படிப் பிரித்தால் வேலூர்ப் பகுதி ஏழு வரிசையில் முடிகிறது. பாளையக்காரர்களையும் சேர்த்து முழுப் பாடமும் இருபது, இருபத்தைந்துக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் விவரங்கள் வரிசையாக ஏறிவிட்டன என்று பொருள்.

அறிகுறி: ஒரே நிகழ்வுக்கு இரண்டு தேதி

முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு தேதியும் ஒரே செயலைத்தான் சொல்கின்றனவா என்பது. உடை மாற்றத்துக்கு ஒரு நூலில் 1805 நவம்பர், இன்னொன்றில் 1806 மார்ச் என்று இருக்கும். புதிய தலைப்பாகை முடிவாவது ஒரு கட்டம், விதிகள் ஆணையாக வெளியாவது இன்னொரு கட்டம். இப்படி இருந்தால் தேதிக் கட்டத்தில் '1805 நவம்பர் – 1806 மார்ச்' என்று காலப் பகுதியாக எழுதி, தொடங்கிய தேதியை வைத்து அடுக்குங்கள்.

ஒரே செயலுக்கே இரண்டு தேதி இருப்பதும் உண்டு. கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட நாள் 1799 அக்டோபர் 16 என்றும் 17 என்றும் நூல்களில் காண்கிறோம். தேர்வுக்காகப் படிப்பவர் தனக்குரிய பாடநூலில் உள்ளதையே கட்டத்தில் எழுத வேண்டும். மற்றதை ஓரத்தில் சிறு குறியிட்டு வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் '16/17' என்று கட்டத்துக்குள் போட்டால் மனப்பாடம் செய்யும்போது இரண்டும் நிற்காது. எந்தத் தேதியைக் கொண்டாலும் காரணமும் விளைவும் மாறவில்லை என்பதையும் பாருங்கள். மாறாவிட்டால் அதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். வரிசை ஒழுங்கே மாறுகிறது என்றால் மட்டும் நின்று சரிபாருங்கள்.

அறிகுறி: தாளில் அடங்கவில்லை

ஏ4 தாளைக் குறுக்காகத் திருப்பி, இருபுறமும் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டால் எழுத 26.7 செ.மீ. கிடைக்கும். எண்ணுக்கு 1.2, தேதிக்கு 3, நிகழ்வுக்கு 6.5, காரணம், விளைவு இரண்டுக்கும் தலா 8. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, நான்கு பத்தியையும் சம அகலமாக வைத்தால் தேதிக் கட்டம் காலியாகக் கிடக்கும், காரணக் கட்டத்தில் சொல் உடைந்து தொங்கும். ஒரு கட்டத்தில் பதினைந்து சொல்லுக்கு மேல் போனால், பெரும்பாலும் அதற்குள் இன்னொரு வரிசை ஒளிந்திருக்கிறது.

எல்லாம் சரிசெய்த பிறகு வேலூர்ப் பகுதி இப்படி நிற்கும்:

| எண் | தேதி | நிகழ்வு | காரணம் | விளைவு |
|---|---|---|---|---|
| 1 | 1799 மே 4 | ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கம்பெனிப் படை கைப்பற்றியது. திப்பு இறந்தார் | நான்காம் மைசூர்ப் போர் | திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டது → 5 |
| 2 | 1805 நவம்பர் – 1806 மார்ச் | படைத் தலைமை புதிய தலைப்பாகையையும் உடை விதிகளையும் கொண்டுவந்தது | எல்லாச் சிப்பாய்களும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் | சமய உணர்வு புண்பட்டது. மதமாற்ற அச்சம் → 3, 5 |
| 3 | 1806 மே | வேலூர்ச் சிப்பாய்கள் தலைப்பாகையை மறுத்தார்கள் | ← 2 | தண்டனை, விதி நீங்கவில்லை, எதிர்ப்பு மறைவுக்குப் போனது → 4, 5 |
| 4 | 1806 ஜூன் | முஸ்தபா பெக் சதி பற்றி எச்சரித்தார் | இரகசியத் திட்டம் அவருக்குத் தெரிந்தது ← 3 | யாரும் நம்பவில்லை. கூடுதல் காவல் இல்லை → 5 |
| 5 | 1806 ஜூலை 10, அதிகாலை | சிப்பாய்கள் எழுந்து கோட்டையைக் கைப்பற்றினார்கள் | ← 1, 2, 3, 4. அணிவகுப்புக்காக அன்றிரவு கோட்டைக்குள் தங்கியது | ஃபேன்கோர்ட் கொலை. மைசூர்க் கொடி ஏற்றம் → 6, 7 |
| 6 | 1806 ஜூலை 10, பகல் | கில்லெஸ்பி கோட்டையை மீட்டார் | வெளியே இருந்த அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி சேர்த்தது ← 5 | நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் பலி, படைப்பிரிவுகள் கலைப்பு, விதிகள் வாபஸ், திப்பு குடும்பம் கல்கத்தாவுக்கு |
| 7 | 1807 | கம்பெனி இயக்குநர்கள் பெண்டிங்கையும் கிரடாக்கையும் திருப்பி அழைத்தார்கள் | எழுச்சிக்கு அவர்களைப் பொறுப்பாக்கியது ← 2, 5 | சென்னை மாகாண ஆளுநரும் தளபதியும் மாறினார்கள் |

கடைசியாக அம்புக்குறிகளை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். ஒரு வரிசையில் '→ 5' இருந்தால் ஐந்தாம் வரிசையில் அந்த எண்ணுக்கு '←' இருக்க வேண்டும். இந்த அட்டவணையில் 1, 2, 3, 4 நான்கும் ஐந்துக்குப் போகின்றன, ஐந்தின் காரணக் கட்டத்திலும் நான்கும் இருக்கின்றன. ஏழாம் வரிசையில் '← 2' இருக்கிறது, ஆனால் இரண்டாம் வரிசையில் '→ 7' விடுபட்டிருக்கிறது. அதைச் சேர்த்துவிடுங்கள்.